வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி: இரண்டு வருடம் நடத்திப் பார்த்ததில்

தையல் பொருள்கள் விற்கும் சின்னக் கடை என்னுடையது. நூல், ஜிப், லைனிங், ஊசி, கொஞ்சம் துணி. கடையில் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று ஒரு வாட்ஸ்அப் கம்யூனிட்டி ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் வைத்திருந்தேன். ஒரு லிஸ்டில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதிலும் என் நம்பரை சேவ் செய்தவர்களுக்குத்தான் மெசேஜ் போகும். பாதிப் பேருக்குப் போகவே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்புறம் எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்த்தேன். அது பெரிய தப்பு. குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது வாரம் ஒரு வாடிக்கையாளர் எழுதினார்: "அண்ணா, தெரியாத நம்பர்ல இருந்து லைனிங் துணி போட்டோவா வருது. என் நம்பரை நீங்கதான் குடுத்தீங்களா?" குரூப்பில் இருந்த வேறொரு வியாபாரி நம்பர்களை எடுத்துத் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார். நான் கொடுக்கவில்லைதான். ஆனால் எடுத்துக்கொள்ளும்படி வைத்தவன் நான். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அன்றே அந்த குரூப்பை மூடினேன்.

கம்யூனிட்டிக்கு வந்ததே இந்த ஒரு காரணத்துக்காகத்தான். அதில் அறிவிப்புகளுக்கென்று ஒரு குரூப் இருக்கும். அட்மின் மட்டும்தான் அதில் மெசேஜ் போட முடியும், உறுப்பினர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. இதற்குள் பேசுவதற்கென்று தனி குரூப்களும் திறக்கலாம். ஆனால் அவை சாதாரண குரூப் மாதிரிதான், நம்பர் தெரிந்துவிடும். அதனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சேனலும் யோசித்தேன். அதை யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம், சாட் வரிசையில் வராமல் தனிப் பக்கத்தில் போய் நிற்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

யாரையும் நானாகச் சேர்ப்பதில்லை. பில் போடும்போது கேட்பேன். சரி என்றால் அவருக்குத் தனியாக லிங்க் அனுப்புவேன், கூடவே அவர் நம்பரைப் பெயரோடு சேவ் செய்துகொள்வேன். இது பின்னால் கைகொடுத்தது. ஒரு நாள் உறுப்பினர் பட்டியலில் பெயரில்லாத நம்பர்கள் பத்துப் பன்னிரண்டு வந்து நின்றன. யாரோ நல்லெண்ணத்தில் லிங்க்கை வேறு குரூப்பில் பகிர்ந்திருக்கிறார். லிங்க்கை ரீசெட் செய்தேன். பழைய லிங்க் அதோடு செத்துப்போகும். வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, கடைக்கு வராதவர்களை நீக்கினேன். இப்போது மாதம் ஒரு முறை ரீசெட் செய்துவிடுகிறேன்.

விதிகளை லிங்க்கோடு சேர்த்தே அனுப்புகிறேன். சேர்ந்த பிறகு சொன்னால் யாரும் படிப்பதில்லை. முழுசாக இவ்வளவுதான்: "வாரத்துக்கு இரண்டு மெசேஜ் மட்டும் வரும். செவ்வாய் ஒரு தையல் குறிப்பு, வெள்ளி புதுச் சரக்கு. வாங்க, கேட்க, குறை சொல்ல எனக்குத் தனியாக எழுதுங்கள். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், காரணம் கேட்கமாட்டேன்."

இதில் ரொம்பக் கஷ்டமானது அந்த இரண்டு. முதல் மாதம் வெள்ளிக்கிழமை ஒன்பது போட்டோவை ஒவ்வொன்றாக அனுப்பினேன். என் கணக்கில் அது ஒரு மெசேஜ். அவர்களுக்கு ஒன்பது தடவை போன் அடித்திருக்கிறது. அன்று மட்டும் ஏழு பேர் வெளியேறினார்கள். யாராவது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எந்த மெசேஜுக்குப் பிறகு எத்தனை பேர் போனார்கள் என்று எழுதி வருகிறேன். இரண்டு வருட நோட்டைப் புரட்டினால், ஒரே நாளில் நாலைந்து பேர் போனதெல்லாம் மூன்றாவது மெசேஜ் அனுப்பிய வாரங்களில்தான். இப்போது எல்லாப் போட்டோவையும் ஒரே படமாகச் சேர்த்து, அதன் மேலேயே எண் போட்டு, கீழே விவரம் எழுதி அனுப்புகிறேன். வாரம் முழுக்கத் தோன்றுவதை எல்லாம் எனக்கு நானே அனுப்பும் சாட்டில் போட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமை அதில் ஒன்றைத்தான் எடுப்பேன், மற்றது காத்திருக்கும். கடை திடீரென்று மூடினால் மட்டும் மூன்றாவது மெசேஜ்.

செவ்வாய்க் குறிப்பில் விற்பனையே கிடையாது. உதாரணத்துக்கு ஒன்று: "பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறதா? மிஷினைத் திருகுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள். பால்பாயின்ட் ஊசி போட்டுப் பாருங்கள். ஊசி நம்பரும் முக்கியம்: மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16." இதற்கு வந்த தனி மெசேஜ்கள் எந்தப் புதுச் சரக்குக்கும் வந்ததில்லை. மிஷினை ரிப்பேருக்குக் கொடுக்கவிருந்த அக்கா ஒருவர் ஊசியை மாற்றிவிட்டு, தைத்த துணியைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மியூட் செய்தவர்கள்கூடத் திறந்து பார்ப்பது செவ்வாயைத்தான் என்று நினைக்கிறேன். கடையில் வந்து அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மெசேஜில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு முறை ஆறு லினன் கட்பீஸ், ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, நீளத்தோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நாலாம் நம்பரை இரண்டு பேர் கேட்டார்கள். யார் முதலில் என்று பார்த்துக் கொடுத்தேன், மற்றவருக்கு வருத்தம். அதைவிட மோசம், எல்லாம் விற்ற பிறகும் ராத்திரி வரை ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "முடிந்தது" என்று மெசேஜைத் திருத்தலாம் என்று போனேன். அனுப்பி 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும். அழித்தால், "என்ன அனுப்பி அழிச்சீங்க?" என்று வேறு கேட்பார்கள். முடிந்ததைச் சொல்ல இன்னொரு மெசேஜ் போட்டால் இரண்டு மூன்றாகிவிடும். இப்போது மெசேஜின் கடைசி வரி எப்போதும் இதுதான்: "முதலில் எழுதியவருக்கு, ஒரு மணி நேரம் எடுத்து வைப்பேன். இன்று மாலை 6 மணி வரை." ஆறு மணிக்குப் பிறகு கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், கேட்டாலும் கோபப்படுவதில்லை.

இதை வைத்துப் புது வாடிக்கையாளர் யாரும் வரமாட்டார்கள், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஏற்கனவே வந்தவர் மறுபடி வருவதற்குத்தான் இது. அதற்கு எனக்கு நன்றாகவே உதவுகிறது.

ஆரம்பிக்கப் போகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வருடம் என் போன் நாலு நாள் வேலை செய்யவில்லை. அட்மின் நான் ஒருவன் மட்டும். கடை மூடியிருப்பதைக்கூடச் சொல்ல முடியவில்லை, இரண்டு பேர் தூரத்திலிருந்து வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். போன் சரியானதும் முதல் வேலையாக மனைவியின் நம்பரை இரண்டாவது அட்மினாகச் சேர்த்தேன்.