காட்டுக் கேமராப் படங்களைப் பிரிக்க எது ஏற்றது: விலங்கு உண்டா என்று சொல்லும் மென்பொருளா, விலங்கின் பெயரையே சொல்லும் மென்பொருளா?

சத்தியமங்கலம் மலையடிவாரத்து இலையுதிர்காட்டில் 22 இடங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, 50 நாள் கழித்து நினைவட்டைகளைக் கழற்றி வந்தபோது, எங்களிடம் சுமார் 1,50,000 படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு வெற்றுப் படங்கள். இந்தக் கேமராக்கள் விலங்கைப் பார்த்துப் படமெடுப்பதில்லை. பின்னணியிலிருந்து வேறுபட்ட வெப்பத்துடன் ஏதாவது அசைந்தால் எடுக்கின்றன. நண்பகலில் சூடேறிய உண்ணிச்செடிக் கிளை காற்றில் ஆடினால் அதுவும் போதும். எங்கள் கேமராக்களில் ஒன்று, எதிரே இருந்த ஒற்றைக் கிளைக்காகவே இரண்டு பகலில் ஒரு நினைவட்டையை நிரப்பியிருந்தது.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. எல்லாப் படங்களையும் கண்ணால் பார்ப்பது முதல் வழி. மணிக்கு 500 படம் என்று வைத்துக்கொண்டாலும் அது 300 மணி நேர வேலை. வெற்றுப் படங்களையே பார்த்துச் சலித்த கண், நடுவில் வரும் சருகுமானைத் தவறவிடும். அதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வழி மெகாடிடெக்டர். அது படத்தில் விலங்கு, மனிதர், வாகனம் ஆகிய மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, 0 முதல் 1 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் தரும். விலங்கின் பெயரை அது சொல்லாது. மூன்றாவது வழி கூகுள் 2025ஆம் ஆண்டில் திறந்த மூலமாக வெளியிட்ட ஸ்பீசீஸ்நெட். மெகாடிடெக்டர் போடும் கட்டத்தை எடுத்துக்கொண்டு, 2,000க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்றை அது சூட்டும். இரண்டையும் சாதாரணக் கணினியிலேயே ஓட்டலாம். மூன்றாவதற்கான கட்டளை இவ்வளவுதான்:

```
pip install speciesnet
python -m speciesnet.scripts.run_model --folders "images" --predictions_json "output.json" --country IND
```

இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின் நாங்கள் இரண்டாவது வழியையே எடுத்தோம். பெயரையும் சேர்த்துச் சொல்லும் கருவியை விட்டுவிட்டுப் பாதி வேலை செய்யும் கருவியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்ட நண்பர்கள் பலர். மென்பொருள் செய்யும் பிழையைத் தேடிப் பிடிக்க எவ்வளவு மனித உழைப்பு தேவைப்படுகிறது என்பதுதான் எங்களுக்கு முடிவைத் தந்தது. துல்லியம் எத்தனை சதவீதம் என்ற கேள்வி அதற்கு அடுத்தபடியாகவே வந்தது.

செந்நாயை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு தொகுப்பில் புள்ளிமான் 15,000 படங்களிலும், ஆட்டு மந்தைகளோடு வரும் நாட்டு நாய் 2,000 படங்களிலும், செந்நாய் 50 படங்களிலும் இருப்பதாகக் கொள்வோம். மென்பொருள் செந்நாய்ப் படங்களில் 40ஐச் சரியாகச் சொல்கிறது. நாட்டு நாயில் 3 சதவீதத்தைச் செந்நாய் என்கிறது. அது 60 படம். புள்ளிமான் படங்களில் 0.4 சதவீதத்தை, ஓடும்போது மங்கிப்போனவற்றை, செந்நாய் என்கிறது. அதுவும் 60 படம். ஆக, செந்நாய் என்று பெயரிடப்பட்ட 160 படங்களில் உண்மையான செந்நாய் 40 மட்டுமே. இதே மென்பொருள் புள்ளிமான் என்று சொல்பவை அநேகமாக எல்லாமே சரியாக இருக்கும்; மொத்தத் துல்லியமும் 95 சதவீதத்தைத் தாண்டும். பிழைகள் எல்லா விலங்குகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. அரிய விலங்கின் பெயரில்தான் அவை குவிகின்றன. நாம் கேமரா கட்டியதோ பெரும்பாலும் அந்த அரிய விலங்குக்காகத்தான்.

காட்டில் இந்த விகிதம் எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பே சான்று. 26,838 இடங்களில் எடுத்த 3,48,58,623 படங்களில் புலி இருந்தவை 76,651. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம். புலியாவது யாருக்கும் ஐயமின்றித் தெரியும் உருவம். சிறுத்தைப்பூனைக்கோ செந்நாய்க்கோ அந்தச் சலுகை இல்லை.

குறைந்த மதிப்பெண் பெற்ற படங்களை மட்டும் மனிதர் பார்த்தால் போதாதா என்ற யோசனை எங்களுக்கும் இருந்தது. ஆனால் மென்பொருள் தவறும்போது தயங்கித் தவறுவதில்லை. செம்பட்டை நிற நாட்டு நாய் ஒன்று 0.9க்கு மேற்பட்ட மதிப்பெண்ணோடு செந்நாயாக வந்து நின்றது. வால் மேல்நோக்கிச் சுருண்டிருந்ததையும், செந்நாய்க்குரிய வட்டமான காதும் கறுத்த புதர்வாலும் இல்லாததையும் பார்த்த உடனே பிழை தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் எங்கள் பட்டியலில் அது செந்நாயாகவே இருந்திருக்கும். ஆகவே மதிப்பெண்ணை வைத்துச் சோதிப்பதைவிடப் பெயரை வைத்துச் சோதிப்பதே முறை: அரிய பெயர் பெற்ற படங்கள் அனைத்தையும், பொதுப் பெயர் பெற்றவற்றில் ஒரு மாதிரியையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், நாய் என்றும் மான் என்றும் பெயரிடப்பட்டு ஒளிந்துகொண்ட அந்தப் பத்துச் செந்நாய்ப் படங்கள் கிடைக்க வேண்டுமானால் நாய்ப் படங்கள் 2,000ஐயும் மான் படங்கள் 15,000ஐயும் திறந்தாக வேண்டும். பெயர் சூட்டும் கருவி மிச்சப்படுத்திய நேரம் இந்த இடத்தில் திரும்பப் போய்விடுகிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேமரா எந்த இடத்தில் இருக்கிறது என்பது விடையைப் பாதிக்கிறது. பழக்கப்பட்ட இடங்களில் நன்றாகச் செயல்படும் மென்பொருள்கள், பயிற்சியில் காணாத புதிய கேமரா இடங்களுக்கு வந்தால் தடுமாறுகின்றன என்பது 2018ஆம் ஆண்டிலேயே ஆய்வில் காட்டப்பட்டது. ஸ்பீசீஸ்நெட் நாட்டின் பெயரைக் கேட்டுக்கொண்டு அந்த நாட்டில் இல்லாத விலங்குகளை ஒதுக்குகிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் `IND` என்று கொடுத்தால் இமயமலையும் அசாமும் சத்தியமங்கலமும் அதற்கு ஒன்றே. மத்திய இந்தியாவின் சதுப்புநில மான் நம் கடமான் கூட்டத்தில் நுழைவதை அந்த வடிகட்டி தடுக்காது. அதை மாவட்டத்துக் காட்டை அறிந்தவர்தான் நீக்க வேண்டும். ஐயம் வந்தால் இனத்தின் பெயரை விட்டுவிட்டு ‘மான் குடும்பம்’ என்று மேல்நிலைப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் அதன் நேர்மையையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழியில் கணக்கு வேறு மாதிரி அமைகிறது. மெகாடிடெக்டர் 1,50,000 படங்களைச் சுமார் 40,000 ஆகக் குறைத்தது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்தவற்றை ஒரே நிகழ்வாகச் சேர்த்தபோது பார்க்க வேண்டியவை 7,000 தொகுதிகள் ஆயின. ஒரு மந்தை ஐம்பது படங்களில் கடந்துபோனால் பெயரை ஒரு முறைதான் எழுதுகிறோம். இரண்டு பேர் இரண்டு வாரத்தில் முடித்தோம். பெரிய மிச்சம் வெற்றுப் படங்களை நீக்கியதிலேயே கிடைத்துவிட்டது.

இந்த வழியின் பிழைகள் இரண்டு வகை. இல்லாத விலங்கை இருப்பதாகச் சொல்வது ஒன்று. அது தொல்லைதானே தவிர ஆபத்து இல்லை. ஒரு கேமராவின் எதிரே இருந்த பாறை நூற்றுக்கணக்கான படங்களில் படுத்திருக்கும் விலங்காகக் கட்டமிடப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களைத் தொகுத்துக் காட்டும் துணைக்கருவி உண்டு. அவற்றில் ஒரு படத்தைப் பார்த்து மொத்தத்தையும் நீக்கலாம். அந்த ஒரு படத்தையாவது கண்ணால் பார்க்கத்தான் வேண்டும், ஏனெனில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும் மானின் கட்டமும் அரை மணி நேரம் நகராது.

இரண்டாவது வகைதான் கவலைக்குரியது: இருக்கும் விலங்கைத் தவறவிடுவது. நீக்கிய படத்தை யாரும் மறுபடி திறப்பதில்லை என்பதால் அது வெளியே தெரியாது. லென்ஸை அடைத்து நிற்கும் யானையின் விலாவும், சட்டகத்தின் ஓரத்தில் வால் நுனி மட்டும் தெரியும் புலியும், உடும்பு போன்ற ஊர்வனவும் இப்படிப் போகக்கூடியவை. நாங்கள் மதிப்பெண் வரம்பை 0.2இல் வைத்தோம், மூன்று படங்கள் கொண்ட ஒரு வரிசையில் ஒன்றில் விலங்கு தெரிந்தால் மூன்றையும் வைத்துக்கொண்டோம். பிறகு வெற்று என்று ஒதுக்கியவற்றிலிருந்து 500ஐ எழுந்தமானமாக எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலும் விலங்கு இல்லை. அதற்காக இழப்பே இல்லை என்று பொருளல்ல. 500இல் பூஜ்யம் கிடைத்தால் உண்மையான இழப்பு 0.6 சதவீதம் வரை இருக்கலாம் என்பது புள்ளியியலின் எளிய விதி. ஒதுக்கிய 1,10,000 படங்களுக்கு அது 660 படம் வரை ஆகும். அதைக் குறைக்க, புலித்தடம் கிடைத்த நான்கு கேமராக்களின் வெற்றுப் படங்களை மட்டும் முழுமையாகப் பார்த்தோம்.

எண்ணிக்கை என்று வரும்போது இரண்டு கருவிகளும் ஒரே அளவுக்குக் கைவிடுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் 14 மான்களுக்கு ஒன்பது கட்டம் விழும். தாயின் காலடியில் நிற்கும் யானைக்குட்டிக்குத் தனிக் கட்டம் விழாமலே போகும். கட்டங்களைக் கூட்டினால் விலங்குகளின் எண்ணிக்கை வந்துவிடாது. வரிகொண்ட புலியில்கூட ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காண மென்பொருள் ஒத்த படங்களை வரிசைப்படுத்தித்தான் தருகிறது; முடிவு மனிதருடையது. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு என்பதால் ஒவ்வொரு இடத்திலும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் கட்ட வேண்டும். ஒரு கேமரா பழுதானால் ஒரே புலி இரண்டாக எண்ணப்படும் வாய்ப்பு அங்கேயே பிறந்துவிடுகிறது.

எங்கள் அனுபவம் வறண்ட காட்டுக்கும் தரைவாழ் விலங்குகளுக்கும் பொருந்துவது. சோலைக்காட்டின் ஈர இருட்டில் நாங்கள் வேலை செய்ததில்லை. கேமராக்கள் ஆயிரக்கணக்கில் போனால் மூன்றாவது வழியைத் தவிர வேறு வழியில்லை என்பதும் உண்மை. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் படங்களை இனவாரியாகப் பிரிக்க மென்பொருள்தான் பயன்பட்டது.

ஸ்பீசீஸ்நெட்டை நாங்கள் முற்றாக விட்டுவிடவும் இல்லை. நாங்கள் பெயரிட்டு முடித்தபின் அதை ஓட்டி, எங்கள் பெயரும் அதன் பெயரும் மாறுபடும் தொகுதிகளை மட்டும் மறுபடி திறக்கிறோம். அவற்றில் பெரும்பாலும் அதுதான் தவறியிருக்கும். ஆனால் ஓர் இரவுப் படத்தை நான் சிறுத்தைப்பூனை என்று எழுதியிருந்தேன். அது புனுகுப்பூனை என்றது. வெளிச்சத்தைக் கூட்டிப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வாலில் ஒரே சீரான கறுப்பு வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. பெயரை அடித்துத் திருத்தினேன்.