பழைய கார் ஏசியில் கேஸ் போடப் போய் 13,500 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா வைத்திருந்த 94 மாடல் கான்டெஸாவில் ஏசி குளிரவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு கார் ஏசி கடையில் விட்டேன். கடைக்காரர் கேஜ் ஹோஸை எடுத்து வால்வில் வைத்தார், அது உட்காரவே இல்லை. என் காரில் இருந்தது சைக்கிள் ட்யூப் வால்வு மாதிரி வெளியே மரை போட்ட பழைய வகை. அவர் ஹோஸ் முனையோ மரையே இல்லாமல் ‘டக்’கென்று கவ்வுகிற வகை.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அவர் டிராயரிலிருந்து ஒரு சின்ன பித்தளை அடாப்டரை எடுத்துத் திருகிவிட்டு, "கேஸ் எல்லாம் ஒண்ணுதான் சார், வாய்தான் வேற" என்று சிரித்தார். நானும் தலையாட்டினேன். பில் 3,800. கடலூர் வரைக்கும் ஜில்லென்றுதான் வந்தது.

மூன்றாவது வாரம் கம்ப்ரசர் கறகறவென்று கத்தி இறுகிவிட்டது. போன் போட்டால் "கம்ப்ரசர் பழசு சார்", மறுநாள் "கேஸுக்கு வாரண்டி கிடையாது", அப்புறம் எடுப்பதே இல்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு அண்ணன் கழற்றிக் காட்டினார். உள்ளே கறுப்பு மை மாதிரி எண்ணெய், அதில் மினுமினுவென்று அலுமினியத் தூள். அவர் சொன்னது இதுதான். பழைய கார்களின் ஏசியில் ஓடியது R-12 என்ற கேஸ். அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டு, கார்களுக்கு R-134a வந்தது. R-12 கூடவே ஓடுவது மினரல் ஆயில். 134a-வில் அது கரையாது. அதனால் கேஸ் மட்டும் சுற்றி வரும், எண்ணெய் எங்கேயாவது பைப்பில் தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு தேயும். ஆள் மறந்துபோய் மாற்றி ஊற்றிவிடக் கூடாது என்றுதான் வாயையே வேறாகச் செய்தார்கள். 134a-வில் அழுத்தம் குறைவான லோ சைடு வாய் 13 மில்லிமீட்டர், அழுத்தம் அதிகமான ஹை சைடு வாய் 16, இரண்டையும்கூட ஒன்றுக்கொன்று மாற்றி மாட்ட முடியாது. இப்போது சில கார்களில் வரும் R-1234yf-க்கு வாய் இன்னும் வேறு, அது லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் வேறு. நம்ம ஆள் அந்தப் பூட்டை ஒரு பித்தளைத் துண்டால் உடைத்து 134a-வை ஏற்றிவிட்டார்!

அடாப்டரே தப்பு என்று சொல்லவில்லை. முறையாக மாற்றும்போதும் அது வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மீதி கேஸை மெஷினில் இழுத்து, பழைய எண்ணெயை வெளியேற்றி, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, 134a-வுக்கு ஒத்துப்போகிற எண்ணெய் ஊற்றி, வாக்கூம் போட்டு, பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைவாகக் கேஸ் அடைக்க வேண்டும். எனக்கு நடந்தது கடைசி வேலை மட்டும், அதுவும் அரை மணி நேரத்தில்.

பழைய கம்ப்ரசர் ஒன்று தேடி மாட்ட 9,700. முதல் 3,800-ஐயும் சேர்த்தால் 13,500 ரூபாய். 13,500!

பானெட்டைத் திறந்து எந்த கேஸ் என்ற ஸ்டிக்கரைப் பாருங்கள். ஹோஸ் உட்காரவில்லை என்றால் காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அடாப்டர் மாட்டினால் "எண்ணெய் என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். வேறு எதுவும் இப்போது தோன்றவில்லை, இன்றைக்கும் இரண்டு தடவை போன் போட்டுவிட்டேன், கட் பண்ணுகிறார்.