பெங்களூரில் ஐந்து வருடமாக 80டி கணக்குப் போட்டதில் தெரிந்துகொண்டது

நானும் மனைவியும் ஜெயநகரில், அப்பா அம்மா கும்பகோணத்தில். பழைய வரி முறையிலேயே இருப்பதால் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வருமான வரியில் கிடைக்கும் 80டி பிரிவுக் கழிவை வருடா வருடம் கேட்கிறேன். புதிய முறையில் இது கிடையாது.

முதல் வருடமே சறுக்கினேன். அப்பாவின் பாலிசிக்கு அவரே தன் பென்ஷன் கணக்கிலிருந்து கட்ட, நான் அந்தத் தொகையை அவருக்கு அனுப்பினேன். பிரீமியம் சான்றிதழில் கட்டியவர் என்று அப்பா பெயர்தான் இருந்தது. ஆபீஸில் வரிக் கழிவுகளைக் காட்டும் 12பிபி படிவத்தோடு கொடுத்தபோது திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான், யார் கட்டினாரோ அவருக்குத்தான் கழிவு. மறு வருடத்திலிருந்து என் நெட் பேங்கிங்கில் நேரடியாகக் கட்டுகிறேன்.

அம்மா விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரையும் உண்டு. கேட்ட இடத்தில் பாலிசி தரவில்லை. காப்பீடே இல்லாத, 60 தாண்டிய பெற்றோருக்கு நாம் செய்யும் மருத்துவச் செலவையும் இதே பிரிவில் காட்டலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. அம்மா மாதாமாதம் கடையில் நோட்டை நீட்டி வாங்கிய இன்சுலின் பில்லெல்லாம் அதனாலேயே வீணாயிற்று. இப்போது கடைக்காரர் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், இங்கிருந்து நான் யுபிஐயில் போடுவேன். பில்லில் அம்மா பெயர் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடக் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் பிரீமியம் 21,500 ரூபாய், உடல் பரிசோதனைக்கு 6,800. பரிசோதனைக்கென்று தனியாக 5,000 கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது எங்கள் இருவருக்குமான 25,000 வரம்புக்கு உள்ளேயே அடக்கம். எனவே மிச்சமிருந்த 3,500தான் ஏறியது. பெற்றோர் பக்கம் வரம்பு 50,000, ஒருவராவது மூத்த குடிமகனாக இருப்பதால். அப்பா பிரீமியம் 31,200, அம்மா மருந்து 14,600, ஆக 45,800. அங்கே இடமிருந்தது. அப்பாவுக்கு 3,000 ரூபாயில் ரத்தப் பரிசோதனை செய்திருந்தோம், அதில் 1,500 மட்டும் சேர்த்தேன். ஏனென்றால் அந்த 5,000 எங்கள் இருவருக்கும் பெற்றோருக்கும் சேர்த்து ஒரே வரம்பு. மொத்தக் கழிவு 72,300. பரிசோதனைக்கு மட்டும் ரொக்க ரசீதும் செல்லும்.

மாமனார் மாமியார் பிரீமியத்தை நான் காட்ட முடியாது. அதை மனைவி தன் கணக்கிலிருந்து கட்டி, தன் ரிட்டர்னில் போடுகிறாள். அப்புறம் ஆபீஸ் குழுக் காப்பீட்டில் கம்பெனி கட்டும் பங்கு நம் கழிவில் வராது, சம்பளத்தில் பிடித்தது மட்டும்தான் வரும். இப்போது ரிட்டர்னில் பாலிசி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் கேட்கிறார்கள். ஏப்ரலிலேயே சான்றிதழை இறக்கி ஒரே ஃபோல்டரில் போட்டுவைக்கிறேன்.