பருவின் மேல் மட்டும் தடவி ஐந்து மாதம் வீணாக்கினேன்: அடாபலீன் ஜெல்லோடு நான்கு வருடம்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "தங்கச்சிக்கு டாக்டர் அடாபலீன் எழுதிக் கொடுத்தார்டி. மூணு வாரம் ஆகுது, முகம் முன்னைவிட மோசமா இருக்கு. ட்யூபைத் தூக்கிப் போட்டுடலாமா?" தங்கச்சிக்குப் பதினைந்து வயது. நான் இதே ட்யூபைத் தொடங்கியதும் அந்த வயதில்தான். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ட்யூபின் மேல் "பாதிக்கப்பட்ட இடத்தில் மெல்லிய படலமாகத் தடவவும்" என்று போட்டிருந்தது. பாதிக்கப்பட்ட இடம் என்றால் பரு இருக்கிற இடம் என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு இரவும் கண்ணாடி முன் நின்று, சிவந்திருந்த ஒவ்வொரு பருவுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். ஐந்து மாதம் ஒரு நாள் விடவில்லை. பொட்டு வைத்த பரு ஒரு வாரத்தில் தானாக அடங்கும், பக்கத்தில் புதிதாக இரண்டு எழும். மருந்து வேலை செய்யவில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மா தடவுறே?" நான் சொன்னதும், ஒரு சின்ன டார்ச்சை என் நெற்றிக்குப் பக்கவாட்டில் பிடித்தார். தோலை இரண்டு விரலால் லேசாக இழுத்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த நெற்றி முழுக்க ரவை சிந்தியது போலக் குட்டிக் குட்டி மேடுகள். "இதெல்லாம் அடுத்த மாசம் வரப்போற பரு. மருந்து இதுக்குத்தான். நீ வந்து முடிஞ்ச பருவுக்கு வெச்சுட்டு இருக்கே" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் புரிந்ததை அதற்கு முன் யாருமே எனக்குச் சொன்னதில்லை. முகத்தில் நாம் துவாரம் என்று சொல்வது ஒரு குட்டி முடிக்குழியின் வாய். அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது அந்தச் சுரப்பி பெரிதாகி எண்ணெயை அதிகமாகச் சுரக்கிறது. அதே சமயம் குழியின் உள்சுவரிலிருந்து உதிர வேண்டிய செத்த செல்கள் உதிர்ந்து வெளியே வராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செல்லும் சேர்ந்து அடைப்பாகிறது. ஆரம்பத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பருவாக வெளியே வர பல வாரங்கள் ஆகும்.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, தோலின் நிறமியும் காற்றுப்பட்டு நிறம் மாறிய எண்ணெயும்தான். அழுக்கென்று நினைத்து நான் ஒரு நாளைக்கு ஐந்து முறை முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன், அதில் தோல் எரிந்ததுதான் மிச்சம். வாய் மூடியிருந்தால் தோல் நிறத்திலேயே ஒரு மேடாக நிற்கும். காற்றுப் புகாத அந்தக் குழிக்குள், நம் தோலில் எப்போதும் இருக்கிற ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. நாம் பரு என்று பார்ப்பது கதையின் கடைசிக் கட்டத்தை.

அடாபலீன் வேலை செய்வது முதல் கட்டத்தில். வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து அது. குழிச் சுவரின் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரச் செய்கிறது, வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கிறது. அதனால் பரு வருகிற பகுதி முழுவதும் தடவினால்தான் பலன்.

டாக்டர் சொல்லித்தந்த முறை இது. இரவு மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு முறை கழுவி, ஈரம் முழுக்கக் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோலில் தடவினால் எரிச்சல் கூடும். முகம் முழுவதற்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு. நெற்றியில், இரண்டு கன்னத்தில், மூக்கில், தாடையில் ஐந்து புள்ளியாக வைத்துப் பரப்ப வேண்டும். இமை, மூக்கோரம், வாயோரம் மூன்றையும் விட்டுவிட வேண்டும். நான் ஒரு வாரம் வாயோரத்தை மறந்தேன், இரண்டு பக்கமும் வெடித்துக் கொட்டாவிகூட விட முடியவில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மேலே மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்க்ரீன்.

பிறகு வந்தது தோழியின் தங்கச்சிக்கு வந்த அதே கட்டம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எனக்கும் பரு கூடியது. உள்ளே காத்திருந்த அடைப்புகள் சீக்கிரம் மேலே வருகின்றன என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மோசமாவது எல்லாம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமாகப் பரு வருகிற இடத்திலேயே பரு கூடினால் பொறுத்திருக்கலாம். பருவே இல்லாத இடமும் சிவந்து, எரிந்து, செதில் செதிலாக உரிந்தால் அளவு அதிகம் அல்லது நாள் நெருக்கம். முகம் வீங்கி, அரிப்பெடுத்து, கொப்புளம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

என் முகத்தில் வித்தியாசம் தெரிய பன்னிரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் காலையில் நெற்றியைத் தடவிப் பார்த்தேன், ரவை இல்லை. அந்த வழவழப்பை விரல் இன்னும் மறக்கவில்லை.

கூடவே பென்சாயில் பெராக்சைடு சேர்த்தார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும், பாக்டீரியா அதற்குப் பழகிப்போவதும் இல்லை. கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாகத் தடவக் கூடாது என்பது இதனால்தான். தனியாகத் தடவினால் பாக்டீரியா பழகிவிடும், துணைக்குப் பென்சாயில் பெராக்சைடு வேண்டும். 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் வாங்கினால் கூடுவது பெரும்பாலும் எரிச்சல்தான். துணியில் பட்டால் சாயம் போய்விடும். என் நீலத் துண்டில் ஆரஞ்சு மேகங்கள், அண்ணனின் கறுப்புச் சட்டையில் என் கன்னத்தின் அச்சு. வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிறுத்தியிருந்தால் முழுப் புகழ்ச்சியாக முடிந்திருக்கும். ஆனால் பதினேழு வயதில் என் தாடையோரம் வேறு வகைப் பரு வந்தது. மேலே முனை இல்லை. ஆழத்தில் கல் போல ஒரு கட்டி, தலையணை பட்டாலே உயிர் போகும், வாரக்கணக்கில் இருக்கும். ஜெல்லுக்கு அது அசையவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மூன்று மாதம் ஜெல்லோடு சேர்த்துச் சாப்பிட்டேன். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கொஞ்சம் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது. இந்த முறை அடங்கிய கட்டிகள் தோலில் குழித் தழும்பை விட்டுச் சென்றன.

அந்தக் குழியைப் பார்த்துத்தான் டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் பற்றிப் பேசினார். பரு எத்தனை என்று எண்ணி இந்த கேப்சூலைக் கொடுப்பதில்லை. ஆழக் கட்டி இருக்கிறதா, தழும்பு விழுகிறதா, ஜெல்லும் ஆன்டிபயாட்டிக்கும் ஒழுங்காகப் பார்த்தும் அடங்கவில்லையா, முகத்தால் பிள்ளை வெளியே போகவே மறுக்கிறதா என்று பார்ப்பார்கள். கறுத்த தடம் மாதங்களில் மங்கும், குழி தானாக நிரம்பாது. அதனால் தழும்பு விழத் தொடங்கிவிட்டால் காத்திருப்பதுதான் நஷ்டம்.

அது எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குகிற மருந்து. அளவு உடல் எடையை வைத்து. நான் ஐம்பது கிலோ. முதல் மாதம் தினம் 20 மில்லிகிராம், அடுத்த ஐந்து மாதம் தினம் 40. மொத்தம் 6,600, அதாவது கிலோவுக்கு 132. வழக்கமாகக் கிலோவுக்கு 120 முதல் 150 வரை வைத்து முடிப்பார்கள் என்றார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடல் நன்றாக ஏற்றுக்கொள்ளும்.

ஆரம்பிக்கும் முன் அம்மாவையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். கருவில் இருக்கும் குழந்தைக்கு இது கடுமையான ஊனத்தை உண்டாக்கும். அதனால் தொடங்கும் முன்னும், மாதாமாதமும், முடிந்து ஒரு மாதம் கழித்தும் கர்ப்பப் பரிசோதனை. பதினேழு வயதில் அம்மா பக்கத்தில் இருக்க அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "இது எல்லாப் பெண்களுக்கும் உள்ள விதிம்மா" என்று அவர் சொன்னதும் கூச்சம் போனது. கொழுப்புக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை. டாக்ஸிசைக்ளினை முன்பே நிறுத்தினார், இரண்டும் சேர்ந்தால் மூளைக்குள் அழுத்தம் ஏறக்கூடும். வைட்டமின் ஏ மாத்திரை கூடாது, ரத்ததானம் கூடாது. மனம் சோர்ந்து போனால் உடனே சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

உதடு ஆறு மாதமும் காய்ந்து உரிந்தது. இரண்டு முறை மூக்கில் ரத்தம். நான்காவது மாதத்துக்குப் பிறகு புதிய கட்டி ஒன்றுகூட வரவில்லை.

அப்படியானால் கேப்சூல்தானே ஜெயித்தது? ஆமாம். ஆனாலும் என் அலமாரியில் இன்றும் இருப்பது அடாபலீன்தான். கேப்சூல் முடிந்த பிறகும் சிலருக்குப் பரு திரும்பும் என்பதால் வாரத்துக்கு மூன்று இரவு தடவுகிறேன். என் நெற்றிக்கு அதைவிட நல்லது எதுவும் கிடைத்ததில்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். "பரு இல்லாத இடத்திலும் தடவவும்" என்று நாலே வார்த்தை அச்சடிக்காத ட்யூபுக்கு அதற்கு மேல் தர எனக்கு மனமில்லை. அந்த ஐந்து மாதத்தில் எடுத்த ஒரு போட்டோவிலும் நான் நேராகப் பார்க்கவில்லை.

தோழியிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: ட்யூப் எத்தனை நாள் வந்தது? பட்டாணி அளவு எடுத்தால் 15 கிராம் ஒரு மாதமாவது வரும். தங்கச்சியிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள், பன்னிரண்டு நாளில் தீர்ந்து இப்போது இரண்டாவது ட்யூபும் முடியப்போகிறதாம். கன்னமெல்லாம் சிவந்து உரிகிறதாம். நாலு நாள் நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும் போடச் சொன்னேன், அதற்குள் டாக்டருக்கு ஒரு போன். அவர் சரி என்றால், பட்டாணி அளவில், மூன்று நாளுக்கு ஒரு இரவு.