மூலைப்புள்ளி அட்டவணையா, சம இலாபக் கோடா? நேரியல் திட்டமிடலைச் சுருக்க இரு வழிகள்

நேரியல் திட்டமிடல் பாடத்தை ஒரே பக்கக் குறிப்பாகச் சுருக்குபவர், வரைபட முறைக்கு வரும்போது ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். ஏற்புடைய பகுதியின் மூலைப்புள்ளிகளை அட்டவணையிட்டு, ஒவ்வொன்றிலும் இலாபத்தைக் கணக்கிடுவது ஒரு வழி. இலாபக் கோடு ஒன்றை வரைந்து, அதன் சாய்வு மாறாமல் வெளிப்பக்கமாக நகர்த்தி, அது பகுதியைக் கடைசியாகத் தொடும் புள்ளியைக் காண்பது மற்றொரு வழி. இரண்டும் ஒரே விடையைத் தந்தாலும், அந்த விடையைப் பற்றி அவை சொல்லும் செய்திகள் வேறு.

ஒரு தையலகத்தை எடுத்துக்கொள்வோம். சட்டை ஒன்றுக்கு 2 மணி நேரத் தையலும், காஜா, பொத்தான், இஸ்திரி ஆகிய முடிப்பு வேலைகளுக்கு 1 மணி நேரமும் ஆகின்றன. கால்சட்டைக்குத் தையல் 3 மணி, முடிப்பு 1 மணி. வாரத்தில் தையலுக்கு 60 மணி நேரமும் முடிப்பு வேலைக்கு 24 மணி நேரமும் உள்ளன. இலாபம் சட்டைக்கு 120 ரூபாய், கால்சட்டைக்கு 150 ரூபாய்.

கணக்கை வடிவமைக்கும் பகுதி இரு வழிகளுக்கும் பொது. முதலில் மாறிகளை அலகோடு எழுத வேண்டும்: x என்பது வாரத்தில் தைக்கும் சட்டைகளின் எண்ணிக்கை, y என்பது கால்சட்டைகளின் எண்ணிக்கை. வெறுமனே ‘x = சட்டை’ என்று எழுதியவர்தான் பிறகு மணி நேரத்தையும் எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்கிறார். அடுத்து குறிக்கோள் சார்பு, அதன்பின் ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு கட்டுப்பாடு, இறுதியில் குறையற்ற கட்டுப்பாடு.

```
Max Z = 120x + 150y
2x + 3y ≤ 60
 x +  y ≤ 24
 x, y ≥ 0
```

அட்டவணை முறையில் நான்கு மூலைகள் கிடைக்கின்றன.

| மூலை | Z |
|---|---|
| (0, 0) | 0 |
| (24, 0) | 2880 |
| (12, 12) | 3240 |
| (0, 20) | 3000 |

ஆகவே 12 சட்டை, 12 கால்சட்டை, இலாபம் 3240 ரூபாய். கையில் அளவுகோல் சற்றுப் பிசகினாலும் விடை கெடாது என்பது இம்முறையின் பலம். (12, 12) என்ற புள்ளியைச் சமன்பாடுகளைத் தீர்த்தே பெறுகிறோம். ஆனால் கோடுகள் வெட்டும் இடமெல்லாம் மூலை என்று கருதுபவருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. தையல் கோடு x அச்சை (30, 0) என்ற புள்ளியிலும், முடிப்புக் கோடு y அச்சை (0, 24) என்ற புள்ளியிலும் வெட்டுகின்றன; இரண்டிலும் Z = 3600 என்று வருவதால், சரியான விடையைவிட இவை கவர்ச்சியாகத் தோன்றும். முதலாவதற்கு 30 மணி நேர முடிப்பு வேலையும், இரண்டாவதற்கு 72 மணி நேரத் தையலும் தேவை என்பதால் இரண்டுமே ஏற்புடையவை அல்ல. ஒவ்வொரு புள்ளியையும் எல்லாக் கட்டுப்பாடுகளிலும் பிரதியிட்டுப் பார்க்கும் படியைக் குறிப்பிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது. பகுதி எல்லையற்று விரியும் பெரும மதிப்புக் கணக்கிலும் அட்டவணை மட்டும் போதாது. மூலைகளில் பெரிய மதிப்பு ஒன்று கிடைத்தாலும், அதற்கு மேற்பட்ட மதிப்பு பகுதிக்குள் வேறெங்காவது உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

இலாபமும் எல்லையின்றி வளருமானால் சம இலாபக் கோடு அதைக் கண்ணெதிரே காட்டிவிடும், ஏனெனில் எவ்வளவு நகர்த்தினாலும் கோடு பகுதியை விட்டு வெளியேறாது. அதைவிட முக்கியமாக, விடை ஏன் அந்த மூலையில் அமைந்தது என்பதையும் அது விளக்குகிறது. தையல் கோட்டின் சாய்வு −2/3, முடிப்புக் கோட்டின் சாய்வு −1, இலாபக் கோட்டின் சாய்வு −4/5. இது முன்னிரண்டுக்கும் இடையில் இருப்பதால்தான் அவை சந்திக்கும் மூலை வெல்கிறது. கால்சட்டையின் இலாபம் 150 ஆகவே இருக்க, சட்டையின் இலாபம் 100 முதல் 150 வரை எப்படி மாறினாலும் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. சரியாக 100 ஆனால் இலாபக் கோடு தையல் கோட்டுக்கு இணையாகி, (0, 20) முதல் (12, 12) வரையுள்ள எல்லாப் புள்ளிகளும் உகந்த தீர்வுகளாகும். ஆனால் இக்கோட்டை நம்பி விடையை வரைபடத் தாளிலிருந்து நேரடியாகப் படிப்பது ஆபத்து. நெருங்கிய சாய்வுகளில் எந்த மூலை கடைசி என்பதைக் கண் தீர்மானிக்காது.

எனவே எண்ணைப் பெற அட்டவணையையும், பெற்ற எண்ணைப் படிக்க ஒரே ஒரு சம இலாபக் கோட்டையும் வைத்துக்கொள்வதே என் தேர்வு; ஒன்றை மட்டும்தான் வைக்க முடியும் என்றால் அட்டவணையே. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையும் மூலையிலிருந்து மூலைக்கு நகர்வதுதான் என்பதால், அடுத்த பாடத்துக்கும் அது கைகொடுக்கும்.

இறுதி விடையைப் படிக்கும்போது இரண்டு முறைகளுமே சொல்லாத ஒன்று உண்டு. முடிப்பு நேரம் 24.5 மணியானால் உகந்த தீர்வு 13.5 சட்டை, 11 கால்சட்டை, இலாபம் 3270 என்று வரும். அரைச் சட்டையைக் கழித்து (13, 11) என்று எழுதினால் இலாபம் 3210 ஆகும். முழு எண்களில் சிறந்ததோ பழைய (12, 12), அதாவது 3240.