மாஸ்டராக எதை வைத்துக்கொள்வது: H.264, ProRes, FFV1 – ஓர் ஒப்பீடு

பத்து நிமிடக் காணொளி ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்து, நொடிக்கு எட்டு மெகாபிட் பிட்ரேட்டில், H.264 என்ற சுருக்க முறையில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு தளத்தில் ஏற்றினேன். பேசுபவரின் பெயர் திரையில் வரும் இடத்தில் வல்லின றகரத்துக்குப் பதில் இடையின ரகரம் விழுந்திருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதற்குள் அழித்துவிட்டிருந்ததால், தளத்திலிருந்தே காணொளியை இறக்கி, பழைய பெயரின் மேல் ஒரு பட்டையைப் போட்டுப் புதிய பெயரை எழுதி, மறுபடியும் ஏற்றினேன். சில மாதங்களில் துணைத்தலைப்பு தேவைப்பட்டது. அப்போதும் அதே வழிதான்.

ஒவ்வொரு முறையும் என் எக்ஸ்போர்ட் ஒரு சுருக்கம், தளம் தன் பங்குக்குச் செய்வது இன்னொரு சுருக்கம் என்று கணக்கிட்டால், கடைசியில் பார்வையாளர் கண்டது ஆறாம் தலைமுறைப் படி. அந்திவானக் காட்சியில் நிறம் மாடிப்படி போலப் பட்டை பட்டையாக இறங்கியது. பேசுபவரின் தலைமுடி மெழுகில் வார்த்ததுபோல் வழவழப்பாகியிருந்தது. எழுத்துகளின் விளிம்பைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் புள்ளிகள் அலைந்தன. அதன் பிறகுதான், பின்னால் எடுக்கும் எல்லாப் படிகளுக்கும் மூலமாக இருக்கும் மாஸ்டராக எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியைச் சற்றுப் பொறுப்போடு அணுகினேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கோப்பை நகலெடுப்பதால் எதுவும் கெடுவதில்லை. ஆயிரம் முறை நகலெடுத்தாலும் பிட்டுகள் அப்படியேதான் இருக்கும். கெடுவது மறுசுருக்கத்தில்தான். H.264 படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்விவரங்களைத் தோராயமான எண்களுக்குத் தள்ளிவிடுகிறது. முதலில் பலியாவது படத்தில் இயல்பாக இருக்கும் மெல்லிய மணல்தன்மை. எட்டு பிட் படத்தில் ஒரு வானத்தின் நிறச்சாய்வு இருபதுக்கும் குறைவான படிகளுக்குள் அடங்கிவிடலாம். அந்தப் படிகளின் விளிம்புகளைக் கலைத்து மறைத்துக்கொண்டிருந்தது அந்த மணல்தான். அது போனதும் பட்டைகள் வெளிப்படுகின்றன. அடுத்த முறை சுருக்கும் மென்பொருளுக்கு அந்தப் பட்டை பிழை என்று தெரியாது. அதுவும் படத்தின் விவரம்தான் என்று எண்ணிக் காப்பாற்றப் பிட்டுகளைச் செலவிட்டு, உண்மையான விவரத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொள்கிறது.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் நுணுக்கம் ஒன்று உண்டு. சேதத்தைப் பெருக்குவது எத்தனை முறை சுருக்கினோம் என்பதைவிட, இடையில் என்ன மாறியது என்பதுதான். ஒரு ஜேபெக் படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அதே தர அளவில் பலமுறை சேமித்துப் பாருங்கள். சில சுற்றுகளுக்குப் பின் இழப்பு ஏறத்தாழ நின்றுவிடும், ஏனென்றால் எண்கள் ஏற்கெனவே தோராயமாக்கப்பட்ட இடத்திலேயே மீண்டும் விழுகின்றன. அதே படத்தை ஒவ்வொரு முறையும் ஒரு பிக்சல் நகர்த்தியோ, அளவை மாற்றியோ, வேறு தர அளவிலோ சேமித்தால் கட்டங்கள் புதிய இடத்தில் விழுந்து, இழப்பு சுற்றுக்குச் சுற்று கூடும். காணொளியில் இந்த நகர்வு தானாகவே நடந்துவிடுகிறது. முந்தைய சுற்றில் முழுமையாகப் பதிவான ஃபிரேம், அடுத்த சுற்றில் பக்கத்து ஃபிரேம்களைப் பார்த்து ஊகிக்கப்படும் ஃபிரேமாக மாறிவிடும். பிட்ரேட்டும் மாறும், தளம் படத்தின் அளவையும் மாற்றும். எனவே "அதே அமைப்பில்தானே எக்ஸ்போர்ட் செய்கிறேன்" என்ற ஆறுதல் H.264 விஷயத்தில் செல்லாது.

இனி மாற்றுவழிகள். எடிட்டிங் புராஜெக்ட் கோப்பையும் கேமராவின் மூலக் கோப்புகளையும் வைத்திருந்தால் போதும், தனியாக மாஸ்டர் எதற்கு என்பார்கள் சிலர். அவற்றை வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மென்பொருளின் பதிப்பு மாறி, ஒரு பிளகின் காணாமல் போய், எழுத்துரு வேறொன்றாக மாறி நிற்கும் புராஜெக்டைத் திறந்து பார்த்தவர்கள் அதை மாஸ்டர் என்று அழைக்க மாட்டார்கள். தளத்திலிருந்து இறக்கிய கோப்பை மாஸ்டராக்குவது பற்றி மேலே சொன்ன கதையே போதும்.

எஞ்சுபவை மூன்று. பிட்ரேட்டை ஐம்பது மெகாபிட் அளவுக்கு உயர்த்தி எடுத்த H.264, எடிட்டிங்குக்கென்றே அமைந்த சுருக்க முறையான, அதாவது இடைநிலைக் கோடெக்கான ProRes 422 HQ, இழப்பே இல்லாத FFV1. நான் வைத்திருப்பது ProRes. அதே வகையைச் சேர்ந்த DNxHR HQX-க்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

இடத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. 1920×1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பத்து நிமிடத்துக்கு, ஐம்பது மெகாபிட் H.264 ஏறத்தாழ 3.75 ஜிபி பிடிக்கும். ProRes 422 HQ நொடிக்குச் சுமார் 184 மெகாபிட் என்பதால் 13.8 ஜிபி. சுருக்கமே இல்லாத பத்து பிட் 4:2:2 படம் 78 ஜிபியை நெருங்கும். FFV1 அதில் எவ்வளவு குறைக்கும் என்பது படத்தின் மணல்தன்மையைப் பொறுத்தது. நான் செய்த ஒரே முயற்சியில் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. இடத்தை மட்டும் பார்த்தால் H.264தான் வெல்லும். வெறும் கண்ணால் பார்த்து அந்த ஐம்பது மெகாபிட் கோப்பில் குறை சொல்வதும் கடினம்.

எனக்குத் தீர்ப்பைச் சொன்னது வேறொன்று: ஓராண்டு கழித்து நான்கு நொடியைத் திருத்த வேண்டி வரும்போது, மீதமுள்ள ஒன்பது நிமிடம் ஐம்பத்தாறு நொடியைத் தொடாமல் விட முடியுமா என்பது. H.264-இல் பெரும்பாலான ஃபிரேம்கள் தம் அண்டையில் உள்ளவற்றைச் சார்ந்தே நிற்கின்றன. முழு ஃபிரேம்கள் இரண்டுக்கு நடுவே இருநூறுக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் இருக்கலாம். வேண்டிய இடத்தில் வெட்ட முடியாது, முழு ஃபிரேம் வரும் இடத்தில்தான் வெட்ட முடியும். ஆகவே சின்னத் திருத்தத்துக்கும் முழுக் கோப்பையும் மறுசுருக்கம் செய்துவிடுவதுதான் நடைமுறை. ஐம்பது மெகாபிட்டில் இந்தச் சரிவு மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

ProRes-இல் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கிறது. எங்கு வேண்டுமானாலும் வெட்டி, ஒட்டுப்போட்டுவிடலாம். பெயர்த் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பெயர் வருவது 192-ஆம் நொடி முதல் 196-ஆம் நொடி வரை, அதாவது நூறு ஃபிரேம்கள். திரையில் எழுத்து வரும் காட்சிகளை மட்டும் எழுத்தில்லாமல் தனி ProRes கோப்பாக மாஸ்டரோடு சேர்த்து வைக்கும் பழக்கம் இப்போது எனக்கு உண்டு. இந்தத் தொழிலில் பழைய வழக்கம்தான் அது. நான்தான் தாமதமாகக் கற்றேன். அதிலிருந்து அந்த நூறு ஃபிரேமை எடுத்து, சரியான பெயரை இட்டு, மாஸ்டரின் அதே அளவு, வேகம், கோடெக் அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்தால் fix.mov கிடைக்கும். பிறகு ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளில் இவ்வளவுதான்:

```
ffmpeg -i master.mov -t 192 -an -c copy -video_track_timescale 25000 a.mov
ffmpeg -i fix.mov -an -c copy -video_track_timescale 25000 b.mov
ffmpeg -ss 196 -i master.mov -an -c copy -video_track_timescale 25000 c.mov
ffmpeg -f concat -i list.txt -i master.mov -map 0:v -map 1:a -c copy master_v2.mov
```

list.txt கோப்பில் `file 'a.mov'` என்ற வடிவில் மூன்று பெயர்களும் வரிசையாக இருக்க வேண்டும். `-c copy` என்பதுதான் இதில் உயிர்நாடி. அது இருக்கும்வரை மறுசுருக்கம் கிடையாது. ஒலியை நான் வெட்டுவதே இல்லை, பழைய மாஸ்டரிலிருந்து முழுதாக எடுத்து ஒட்டிவிடுகிறேன். அது சுருக்கப்படாத பிசிஎம் ஒலியாக இருப்பதால் அதிலும் இழப்பில்லை. சில எடிட்டிங் மென்பொருள்களில் மாறாத ஃபிரேம்களை மறுசுருக்கமின்றிக் கடத்தும் வசதி இருக்கிறது. ஆனால் சின்ன நிறமாற்றம் ஒன்று டைம்லைனில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது சத்தமில்லாமல் மறுசுருக்கத்துக்குப் போய்விடும் என்பதால், நான் கட்டளைகளையே நம்புகிறேன்.

மீதி தொடப்படவில்லை என்பதை எப்படி உறுதிசெய்வது? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கைரேகை எடுத்து ஒப்பிடலாம்.

```
ffmpeg -i master.mov -map 0:v -f framemd5 old.txt
ffmpeg -i master_v2.mov -map 0:v -f framemd5 new.txt
diff old.txt new.txt
```

எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் 4800 முதல் 4899 வரையிலான நூறு வரிகள் மட்டுமே வேறுபட வேண்டும். 4899-ஐத் தாண்டியும் வரிகள் வேறுபட்டுக்கொண்டே போனால் வெட்டு இடம் தப்பியிருக்கிறது என்று பொருள். எல்லா வரியும் வேறுபட்டால் எங்கோ மறுசுருக்கம் நடந்துவிட்டது அல்லது ஃபிரேம்களின் நேரக்குறி நகர்ந்துவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. ProRes-உம் இழப்புள்ள கோடெக்தான். அந்த நூறு ஃபிரேம்கள் இரண்டாம் தலைமுறை. FFV1 என்றால் அந்தக் குறையும் இருக்காது. பிட் ஆழமும் நிற அமைப்பும் மாறாதவரை, முழுப் படத்தையும் நூறு முறை மறுபடி எழுதினாலும் தொடாத ஃபிரேம்கள் அப்படியே இருக்கும். அதன் மூன்றாம் பதிப்பு, ஃபிரேமின் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்க முடியும் என்பதால், வட்டு பழுதாகி ஒரு மூலை கெட்டாலும் எந்த ஃபிரேம் என்று தெரிந்துவிடும். 2021-இல் RFC 9043 என்று பொதுவில் ஆவணப்படுத்தப்பட்டதும் அதற்கு வலுச் சேர்க்கிறது. ஆவணக் காப்பகங்கள் இதை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் எடிட்டிங் மென்பொருள்கள் பல FFV1 கோப்பை நேரடியாகத் திறப்பதில்லை. திருத்தம் வந்தால் முதலில் இடைநிலைக் கோப்பாக மாற்றி, வேலை முடிந்ததும் மீண்டும் FFV1-க்குக் கொண்டுவர வேண்டும். அந்த மாற்றத்தின்போது, கறுப்பு 16-இல் தொடங்கும் படத்தை 0-இல் தொடங்குவதாக மென்பொருள் எண்ணிவிட்டால், நிழல்கள் வெளிறிவிடும். கோடெக்கில் இழப்பே இல்லாவிட்டாலும், வெளிறிய அந்தப் படம் மாஸ்டரில் பிசகில்லாமல் பதிந்து நிற்கும். ஒரே ஒரு படத்தை மட்டும் இப்படிச் செய்து பார்த்தவன் என்பதால், FFV1-ஐ அன்றாடம் கையாள்பவர்கள் இந்தச் சுற்றை என்னைவிட லாவகமாகச் செய்யக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனித் திருத்தமே இல்லை, பாதுகாத்து வைப்பது மட்டுமே நோக்கம் என்றால் நானும் FFV1-ஐயே சொல்வேன்.

மாஸ்டர் எதுவானாலும், தளத்தில் ஏற்றும் கோப்பை ஒவ்வொரு முறையும் மாஸ்டரிலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். சென்ற முறை ஏற்றிய கோப்பிலிருந்து அடுத்ததை எடுக்கக் கூடாது. துணைத்தலைப்பைப் படத்தில் பதிக்காமல் தனி எஸ்ஆர்டி கோப்பாகக் கொடுத்தால், அதற்காகப் படத்தைத் தொடவே வேண்டியதில்லை. என் ஆறு தலைமுறைகளில் இரண்டு இந்த ஒரு பழக்கத்தாலேயே தவிர்ந்திருக்கும்.

ஒட்டுப்போடும் முறைக்கு எல்லையும் உண்டு. முழுப் படத்தின் நிறத்தையும் மாற்ற வேண்டுமென்றாலோ, காட்சிகள் ஒன்றில் ஒன்று கரையும் இடங்களைக் குலைக்க வேண்டுமென்றாலோ எந்த மாஸ்டரும் உதவாது. அப்போது புராஜெக்டையும் கேமராவின் மூலக் கோப்புகளையும்தான் தேடிப் போக வேண்டும். அவையும் அதே வட்டில், அதே கோப்புறையில், பயன்படுத்திய எழுத்துருக்களோடு சேர்ந்து இருக்கின்றன.