வீட்டு வளைகாப்புக்கு மூன்று ரேட்: பூ, மேடை, மைக் செட் எது உண்மையில் மலிவு?

மண்டபத்தில் விசேஷம் என்றால் மேடையும் மின்சாரமும் அங்கேயே இருக்கும், பூவுக்கு மட்டும் பேசினால் போதும். வீட்டில் வைக்கும்போது மேடை, பின்னணி, சோபா, மைக் என்று எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். ஆளுக்கு ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகைகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறான ஆளைத்தான் தேர்ந்தெடுப்போம், ஏனென்றால் ஒருவர் சொன்ன தொகைக்குள் இருப்பது இன்னொருவர் தொகைக்குள் இருக்காது.

மதுரையில் எங்கள் உறவில் ஒரு வளைகாப்புக்கு வாங்கிய மூன்று ரேட்டையே எடுத்துக்கொள்கிறேன். தை மாத முகூர்த்த ஞாயிறு. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடியும். நூறு பேர். இடம் வீட்டின் போர்ட்டிகோ. இருபதடி அகலம், பதினைந்தடி ஆழம், உத்தரத்தின் அடிவரை ஒன்பதடி உயரம். வருகிறவர்கள் உட்கார வாசலில் சாமியானா. அதுவும் நாற்காலியும் மூவரிடமும் தனிக் கணக்கு என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

முதலாமவர் எல்லாவற்றையும் ஒரே கையில் செய்து தரும் ஈவென்ட் நிறுவனம். சொன்னது ரூ.48,000. இரண்டாவது, மூன்று பேரைத் தனித்தனியாகப் பிடிப்பது: பூ அலங்காரக்காரர் ரூ.22,000, பந்தல் கடையில் மேடைக்கு ரூ.5,000, சவுண்ட் சர்வீஸ்காரர் ரூ.4,000, ஆக ரூ.31,000. மூன்றாவது, துணியும் செயற்கைப் பூவும் வைத்துச் செய்யும் பேக்கேஜ், ரூ.18,000. முதலுக்கும் கடைசிக்கும் முப்பதாயிரம் வித்தியாசம். இந்த இடத்திலேயே பலரும் முடிவெடுத்து விடுகிறார்கள்.

பூவிலிருந்து ஆரம்பிக்கலாம், பணம் அதிகம் போவது அங்கேதான். மூவரிடமும் பேசியது பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரப் பின்னணி. அதில் முழுக்கச் செண்டுமல்லிச் சரம் தொங்கவிட்டால், அரையடிக்கு ஒன்று வீதம் இருபத்தைந்து சரம் வரும். எட்டடிச் சரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பூ. மொத்தம் பன்னிரண்டு, பதிமூன்று கிலோ. கிலோ நூறு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் ரூ.1,300-தான். அப்படியென்றால் இருபத்திரண்டாயிரம் எங்கே போகிறது? இரவெல்லாம் உட்கார்ந்து கட்டும் ஆட்களின் கூலி, இரும்பு ஃபிரேம், துணி, ஓசூர் பக்கமிருந்து பெட்டியில் வரும் ஜெர்பரா, கார்னேஷன், அப்புறம் மல்லிகை.

இதில் மல்லிகையைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். மார்கழி, தையில் பனி விழுவதால் மல்லிகை வரத்து குறையும். அதோடு முகூர்த்தமும் சேர்ந்தால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டுவது வழக்கமான சங்கதி. எங்களிடம் பேசிய பூ அலங்காரக்காரர் பின்னணியின் மேல்வரிசைக்கு இரண்டரைக் கிலோ மல்லிகை கணக்குப் போட்டிருந்தார். “அன்னைக்கு மார்க்கெட் விலை என்னவோ அதான்ண்ணே, ஏறுச்சுன்னா நீங்கதான் பார்த்துக் குடுக்கணும்” என்றும் சொன்னார். அவர் நேர்மையாகச் சொன்னார். ஈவென்ட் நிறுவனம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

விலையை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மல்லிகை மொட்டாகப் பறித்து வருவது, அன்று மாலையே மலர்ந்துவிடும். முந்தின நாள் வாங்கி இரவில் கட்டினால், காலை வளைகாப்பு தொடங்குவதற்குள் விரிந்து, ஓரம் பழுத்து, உதிரவும் தொடங்கியிருக்கும். மாலை வரவேற்புக்குச் சரியாக வரும் பூ, காலை விசேஷத்தின் பின்னணிக்குச் சரிப்படாது. அந்த மேல்வரிசைக்குச் சம்பங்கி போதும். வெள்ளையாகத் தெரியும், மதியம் வரை விறைப்பாக நிற்கும், விலையும் பல மடங்கு குறைவு. மல்லிகையைத் தலைக்கும் தாம்பாளத்துக்கும் மட்டும், அன்று விடியற்காலையில் நாமே வாங்கிக்கொள்ளலாம். இதைப் பேசியதும் இருபத்திரண்டாயிரம் பதினெட்டாயிரமாக இறங்கியது. கூடவே “விலை ஏறினால் தனி” என்ற பேச்சும் போய்விட்டது, ஏனென்றால் ஏறக்கூடிய பூவே அதில் இல்லை.

செயற்கைப் பூவை நான் கீழாகச் சொல்லமாட்டேன். போட்டோவில் நல்ல செட்டுக்கும் நிஜப் பூவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அது எத்தனையாவது விசேஷத்துக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. இதழ் ஓரம் பிசிறு விட்டிருக்கும், வெயில்பட்ட பக்கம் வெளுத்திருக்கும், மடிப்பில் தூசி இருக்கும். மண்டபத்து இரவு விளக்கில் இதெல்லாம் தெரியாது. போர்ட்டிகோவில் காலை வெளிச்சத்தில் தெரியும். ஆகவே அவர்கள் அனுப்பும் ஆல்பம் போதாது. நமக்கு வரப்போகும் அதே செட்டைப் பகலில் எடுத்த படம் கேளுங்கள், முடிந்தால் குடோனுக்கே போய்ப் பாருங்கள். எங்களுக்குக் காட்டியது ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாசல் வளைவுக்கும் செயற்கைப் பூவா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வாசலுக்கு மட்டும் நிஜப் பூ என்றால் ரூ.2,500 கூடுதல்.

மேடை. பேக்கேஜ்காரரின் பதினெட்டாயிரத்தில் மேடையே இல்லை, தரையில் கார்ப்பெட் விரித்துச் சோபா போடுவதாகத்தான் கணக்கு. மேடை வேண்டுமென்றால் இன்னொரு ஐயாயிரம். ஈவென்ட் நிறுவனம் சொன்னது ஒன்றரையடி உயர மேடை, அதன்மேல் எட்டடிப் பின்னணி. கூட்டிப் பாருங்கள், ஒன்பதரையடி. நம் உத்தரம் ஒன்பதடியில் இடிக்கும். இடத்தை வந்து பார்க்காமல் போனிலேயே ரேட் சொன்னதால் வந்த வினை இது. பந்தல் கடைக்காரர் டேப்போடு வந்து அளந்து, அரையடி உயரம் போதும் என்றார். வளைகாப்புக்கு அதுதான் சரி. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஆன பெண், பட்டுப்புடவையோடு ஏறி இறங்க வேண்டும். அரையடி என்றால் ஒரே படி.

ஆழத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சோபாவுக்கு மூன்றடி போகும், அதன் முன்னால் சீர்த்தட்டு வரிசைக்கு இரண்டடி. மீதியில்தான் சந்தனம் பூசி வளையல் போடும் பெண்கள் நிற்க வேண்டும். எட்டடி ஆழம் இருந்தால் மூன்றடி மிஞ்சும். ஆறடி மேடை என்று ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னால், வளையல் போட வருகிறவர்கள் தட்டை மிதிக்காமல் போக முடியாது. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஏறுவார்கள் என்பதால் பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் அமுங்கும். போட்டு முடித்ததும் நீங்களே ஏறி நடுவில் நின்று பாருங்கள். அமுங்கினால், ஆட்கள் கிளம்புவதற்கு முன்பே அடியில் இன்னொரு கால் கொடுக்கச் சொல்லலாம். டைல்ஸ் தரையில் இரும்புக் கால் நேராக ஊன்றாமல், கீழே மரக்கட்டையோ ரப்பரோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

சவுண்ட் விஷயத்தை நாங்கள் சீக்கிரமே முடித்துவிட்டோம். ஈவென்ட் நிறுவனம் சொன்ன நாற்பத்தெட்டாயிரத்தைப் பிரித்துக் கேட்டதில், பூவும் பின்னணியும் ரூ.24,000, மேடையும் சோபாவும் ரூ.8,000, சவுண்ட் ரூ.12,000, விளக்கு ரூ.4,000 என்று வந்தது. சவுண்டில் இரண்டு பெரிய பேஸ் பெட்டியும் சேர்த்திருந்தார்கள். நூறு பேருக்கு, வாழ்த்துப் பாட்டுக்கும் நாதஸ்வர ரெக்கார்டுக்கும் ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கரும், ஒரு கார்ட்லெஸ் உட்பட இரண்டு மைக்கும் தாராளம். பேஸ் பெட்டியை எடுத்தால் ரூ.6,000 குறையும். காலை வெளிச்சத்தில் நடக்கும் விசேஷத்துக்குக் கலர் விளக்கு எதற்கு? அந்த நாலாயிரத்தையும் எடுத்தோம். மாலை விசேஷமாக இருந்து ஆயிரம் வாட் ஹாலஜன் இரண்டு போடுவதாகச் சொன்னால், அது மட்டுமே ஒன்பது ஆம்பியர் இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மோட்டாரும் கிரைண்டரும் ஓடும் நேரத்தில் வீட்டு லைன் தாங்காமல் டிரிப் ஆகும். எல்.இ.டி. விளக்கு என்று பேசிக்கொள்வது நல்லது.

மைக்கைப் பொறுத்தவரை, ஆபரேட்டர் கடைசி வரை இருப்பாரா என்பதைக் கேட்காமல் விடக்கூடாது. பேக்கேஜ்காரர் ஒரே ஒரு ஸ்பீக்கரை வைத்துவிட்டுப் போய்விடுவார். போர்ட்டிகோவில் மூன்று பக்கமும் சுவர். மைக் பிடித்தவர் ஸ்பீக்கருக்கு முன்னால் நகர்ந்ததும் கூவத் தொடங்கும், நிறுத்த ஆள் இருக்காது. ஸ்பீக்கர்கள் மேடைக்கு முன்னால், வெளியே பார்த்தபடி நிற்க வேண்டும். இரண்டாவது ஸ்பீக்கர், கார்ட்லெஸ் மைக், ஆள், எல்லாம் சேர்த்து அவர் கேட்டது ரூ.2,500. ஒலிபெருக்கிக்குப் போலீஸின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் போடவே கூடாது. யார் மனு கொடுப்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள். உள்ளூர் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு ஸ்டேஷன் பழக்கம் என்பதால் அவரே பார்த்துக்கொண்டார்.

விட்டுப்போனவற்றைச் சேர்த்து, வேண்டாதவற்றை எடுத்தபின் கணக்கு இப்படி வந்தது. ஈவென்ட் நிறுவனம் 48,000-லிருந்து 38,000 ஆனது, ஆனால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்று அப்போதுதான் சொன்னார்கள், ஆக ரூ.44,840. தனித்தனி ஆட்கள்: பூ 18,000, மேடை 5,000, சவுண்ட் 4,000, சோபா வாடகை 2,000, வண்டிக் கூலி 1,500, மொத்தம் ரூ.30,500. செயற்கைப் பூ பேக்கேஜ்: 18,000-உடன் மேடை 5,000, சவுண்ட் 2,500, வாசல் பூ 2,500, வண்டி 1,500, மொத்தம் ரூ.29,500. முதலில் பதிமூன்றாயிரம் மலிவாகத் தெரிந்தது, கடைசியில் ஆயிரம் ரூபாய்தான் மலிவு.

ஆயிரம் ரூபாய்க்காக நிஜப் பூவை விட எனக்கு மனம் வரவில்லை, தனித்தனி ஆட்களையே பிடித்தோம். ஆனால் மூன்று பேருக்கும் போன் போட்டு, யார் முதலில் வர வேண்டும் என்று ஒழுங்குபடுத்த வீட்டில் ஒருவர் வேண்டும். முந்தின நாள் மாலை மேடை, அதன்மேல் ஃபிரேம், இரவில் பூ, காலை ஏழு மணிக்கு சவுண்ட் என்பதுதான் முறை. பந்தல்காரர் இரண்டு மணி நேரம் தாமதித்தால் பூ கட்டுகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பார்க்க ஆளில்லாத வீட்டுக்கும், முன்னூறு பேர் வரும் மாலை வரவேற்புக்கும் ஈவென்ட் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே. போர்ட்டிகோ இல்லாத மாடி வீட்டில், ஹாலுக்குள் முப்பது பேரோடு செய்வதென்றால் மேடையே தேவையில்லை. அங்கே பதினெட்டாயிரம் பேக்கேஜ்தான் கெட்டிக்காரத்தனம்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது அளவு, பூவின் பெயர், ஸ்பீக்கர் எண்ணிக்கை, வண்டிக் கூலி உள்ளடக்கமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்கும் நேரத்தையும் அதில் சேருங்கள். முகூர்த்த நாளில் அதே ஃபிரேம் அன்று மாலை வேறொரு வரவேற்புக்குப் போக வேண்டியிருக்கும். பன்னிரண்டு மணிக்கே ஆட்கள் வந்து நின்று, உறவுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சரத்தை அவிழ்க்கத் தொடங்குவார்கள். நாங்கள் மூன்று மணிக்கு முன்னால் தொடக்கூடாது என்று எழுதினோம். உதிர்ந்த பூவையும் நாரையும் அவர்களே அள்ளிப் போக வேண்டும், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதையும் அதே செய்தியில் சேர்த்தோம்.